சராசரியை நம்பிக் கணித்தேன், வரவில்லை: ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஊற்றும் இரண்டு முகடுகளும்

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்று ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும், அப்புறம் திடீரென்று கொதிநீரை இரண்டு மூன்று பனைமர உயரம்கூடப் பீய்ச்சி அடிக்கும், சில நிமிடத்தில் அடங்கிவிடும். அடுத்த பீச்சல் எப்போது என்று கணித்து அங்கே பார்வையாளர்களுக்கு அறிவிக்கிறார்கள், பத்து நிமிடம் முன்பின் என்ற அளவில். பூங்காவின் நேரடி ஒளிபரப்பையும் பார்க்கலாம். நமக்கு இரவு எட்டரை என்றால் கோடைக்காலத்தில் அங்கே காலை ஒன்பது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இந்தக் கணிப்பை நாமே ஒரு முறை அடியிலிருந்து செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. செய்து முடித்து, எண்கள் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டதால் இப்போது எழுதிவைக்கிறேன்.

செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய மடிக்கணினி, இலவசமாகக் கிடைக்கும் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள், ஒரு கிராஃப் நோட்டு, நீலம் சிவப்பு இரண்டு பென்சில். கிராஃப் நோட்டு எதற்கு என்று கேட்கலாம். கணினி ஒரு நொடியில் படம் வரைந்து தந்துவிடும். ஆனால் எந்த எண் எந்தப் பிரிவுக்குள் விழுகிறது என்பதைக் கையால் ஒரு முறை கோடு போட்டுப் பார்த்தால்தான் பிரிவின் அகலம் என்ன வேலை செய்கிறது என்று மண்டையில் ஏறும். எனக்கு அப்படித்தான் ஏறியது.

தரவு ஆர் மென்பொருளோடு கூடவே வருகிறது, தனியாக எதையும் இறக்கத் தேவையில்லை. பெயர் `faithful`. மொத்தம் 272 வரிசை, இரண்டே பத்தி. முதல் பத்தி `eruptions`, ஒரு பீச்சல் எத்தனை நிமிடம் நீடித்தது. இரண்டாவது `waiting`, அதற்குப் பிறகு அடுத்த பீச்சலுக்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

```r
head(faithful, 4)
#   eruptions waiting
# 1     3.600      79
# 2     1.800      54
# 3     3.333      74
# 4     2.283      62
```

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். காத்திருப்பு நேரங்களின் சராசரி 70.9 நிமிடம், எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 13.6. சரி, "அடுத்தது சுமார் 71 நிமிடத்தில், பத்து நிமிடம் முன்பின்" என்று சொல்லிவிடலாமா? எண்ணிப் பார்த்தேன். 61 முதல் 80 நிமிடத்துக்குள் விழுந்தவை 272-இல் 105 மட்டும். நூற்றுக்கு நாற்பதுகூட இல்லை. பூங்காக்காரர்கள் அதே பத்து நிமிட வரம்பைத் தைரியமாகச் சொல்கிறார்கள் என்றால், இந்த ஒற்றைச் சராசரியை வைத்துச் சொல்லவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்தது ஹிஸ்டோகிராம், அதாவது எண்களைப் பிரிவு பிரிவாகப் போட்டு, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை விழுந்தது என்பதைத் தூணாக வரைவது. கிராஃப் நோட்டில் இடம் மிச்சம் பிடிக்க 20 நிமிட அகலத்தில் மூன்றே பிரிவு போட்டேன்: 40-இலிருந்து 60 வரை, 60-இலிருந்து 80 வரை, 80-இலிருந்து 100 வரை. ஒவ்வொரு பிரிவிலும் மேல் எல்லை எண் உள்ளே, கீழ் எல்லை எண் வெளியே.

```r
table(cut(faithful$waiting, seq(40, 100, 20)))
#  (40,60]  (60,80] (80,100]
#       83      105       84
```

83, 105, 84. பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது! நடுவில் உயரம், இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகச் சரிவு, பாடப்புத்தகத்தில் வரும் மணி வடிவம் மாதிரியே. இந்தப் படத்தை மட்டும் பார்த்த யாரும் "ஒரே குழு, சராசரி 70 பக்கம், சந்தேகமே இல்லை" என்றுதான் சொல்வார்கள். நானும் சராசரி சரிதான், ஊற்றுதான் ஒழுங்கில்லாதது போல என்று அடுத்த வேலைக்குப் போகப் பார்த்தேன்.

அப்புறம் அகலத்தை 5 நிமிடமாகக் குறைத்தேன்.

```r
h <- hist(faithful$waiting, breaks = seq(40, 100, 5))
h$counts
# 4 22 33 24 14 10 27 54 55 23 5 1
```

இந்தப் பன்னிரண்டு எண்களை இடமிருந்து வலமாக மெதுவாகப் படியுங்கள். 4, 22, 33 என்று ஏறுகிறது. 24, 14, 10 என்று இறங்குகிறது. மறுபடி 27, 54, 55 என்று முன்னைவிட உயரமாக ஏறுகிறது. பிறகு ஒரேயடியாகச் சரிந்து 1-இல் முடிகிறது. முதல் முகடு 50-55 நிமிடத்தில், இரண்டாவது 75-85 நிமிடத்தில். நடுவில் 65-70 நிமிடப் பிரிவில் வெறும் 10. நான் கணிப்பாகச் சொல்ல நினைத்த 71 நிமிடம் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. அதாவது இந்த ஊற்று ரொம்ப அரிதாகச் செய்கிற ஒன்றைத்தான் அதன் வழக்கம் என்று சராசரி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

20 நிமிடப் படத்தில் பள்ளம் எங்கே போனது என்று பார்ப்போம். 60-80 என்ற நடுப் பிரிவுக்குள் 14, 10, 27, 54 நான்கும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. பள்ளத்தின் முழு அடிப்பகுதியும், வலது முகட்டின் பாதியும் ஒரே தூணுக்குள். கூட்டினால் 105. வலது முகட்டின் மறுபாதியான 55 அடுத்த தூணுக்குப் போய் அங்கே 84 ஆகிவிட்டது. ஒரு முகட்டை நட்டநடுவில் வெட்டி, பாதியைப் பள்ளத்துக்குள் கொட்டி மேவியது போல. அகலம் அதே 20-தான், ஆனால் தொடக்கத்தை 40-க்குப் பதில் 30 என்று வைத்தால் 26, 81, 159, 6 என்று வருகிறது. அதிலும் ஒரே முகடு, ஆனால் வலப்பக்கம் சாய்ந்த வேறொரு உருவம். ஒரே 272 எண், ஒரே அகலம், தொடக்கப் புள்ளி மட்டும் மாறினால் படம் மாறுகிறது. இது தெரிந்ததிலிருந்து தூண்கள் மிகக் குறைவாக உள்ள எந்த ஹிஸ்டோகிராமையும் நான் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை.

மறுபக்கமும் போய்ப் பார்த்தேன். 1 நிமிட அகலம் வைத்தால் படம் முழுக்கச் சீப்புப் பல் மாதிரி ஆகிவிடும், எந்தப் பல் முகடு, எந்தப் பல் தற்செயல் என்று பிரிக்கவே முடியாது. 10 நிமிடம் வைத்தால் 26, 57, 24, 81, 78, 6. இரண்டு முகடும் தெரிகிறது. 5-இலும் தெரிகிறது, 10-இலும் தெரிகிறது, தொடக்கத்தை இரண்டொரு நிமிடம் நகர்த்தினாலும் தெரிகிறது. நான் வைத்துக்கொண்ட சோதனை இதுதான்: அகலத்தைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும், தொடக்கத்தைத் தள்ளிப் போட்டும் பார்க்க வேண்டும், அத்தனைக்கும் தாங்கும் பள்ளம்தான் பள்ளம். ஒரே ஒரு அகலத்தில் மட்டும் தெரிகிற இரண்டாவது முகட்டை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

சரி, இரண்டு முகடு உண்டு. இரண்டு குழு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஆனால் எந்த இரண்டு குழு? ஹிஸ்டோகிராமுக்கு அது தெரியாது. இங்கேதான் சுலபமான ஒரு தவறான வழி இருக்கிறது, நானும் அதில் கொஞ்ச தூரம் போனேன். பள்ளம் 67 நிமிடம் பக்கம் இருக்கிறதே, அங்கேயே வெட்டி, அதற்குக் கீழே "குறுங்காத்திருப்புக் குழு", மேலே "நெடுங்காத்திருப்புக் குழு" என்று பெயர் வைத்து, இரண்டுக்கும் தனித்தனிச் சராசரி எடுத்தால் விலக்கம் நன்றாகக் குறைந்துவிடுகிறது. மனசுக்கு நிறைவாகவும் இருக்கிறது. ஆனால் இதில் ஒன்றும் நிரூபணமாகவில்லை. காரணம் என்னவென்றால், எந்த எண் கூட்டத்தையும் நடுவில் வெட்டினால் பாதிகளுக்குள் மிஞ்சும் விலக்கம் மொத்தத்தில் குறையத்தான் செய்யும். திட்ட விலக்கம் 13.6 உள்ள, சுத்தமான ஒற்றை மணி வடிவக் கூட்டத்தைச் சராசரியில் வெட்டுங்கள். ஒவ்வொரு பாதியின் விலக்கமும் சுமார் 8.2 ஆகிவிடும். அங்கே குழுவே கிடையாது, கத்தி மட்டும்தான் இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு: காத்திருப்பை வைத்தே காத்திருப்பைப் பிரித்தால், ஊற்றின் முன்னால் நிற்கிற ஆளுக்கு அதனால் பயனில்லை. எந்தக் குழு என்று தெரிய அவர் முழுக்கக் காத்திருந்து முடிக்க வேண்டும்.

ஆகவே பிரிக்கிற கத்தி வேறு பத்தியிலிருந்து வர வேண்டும். இந்தத் தரவில் இருப்பது ஒரே ஒரு வேறு பத்தி, முந்தைய பீச்சல் எத்தனை நிமிடம் நீடித்தது என்பது. அதற்கும் ஒரு ஹிஸ்டோகிராம் போட்டேன், 1.5 நிமிடத்தில் தொடங்கி அரை நிமிட அகலத்தில்.

```r
hist(faithful$eruptions, breaks = seq(1.5, 5.5, 0.5),
     right = FALSE)$counts
# 51 41 5 7 30 73 61 4
```

காத்திருப்பைவிட இது இன்னும் பளிச்சென்று இருக்கிறது. 51, 41, அப்புறம் 5, 7 என்று தரையைத் தொட்டுவிட்டு, 30, 73, 61, 4. இரண்டு நிமிடம் பக்கம் ஒரு கூட்டம், நாலேகால் நிமிடம் பக்கம் இன்னொன்று. மூன்று நிமிடத்தையொட்டி ஏறக்குறைய யாருமே இல்லை. எனவே 3 நிமிடத்தில் கோடு போடுவதில் யோசிக்க ஒன்றுமில்லை. 2.8 என்றோ 3.1 என்றோ வைத்தாலும் மூன்று வரிசைக்கு மேல் பக்கம் மாறாது. (மேலே `right = FALSE` என்பதைக் கவனியுங்கள். கீழ் எல்லை எண் உள்ளே, மேல் எல்லை எண் வெளியே என்று அர்த்தம். அதைப் போடாவிட்டால் ஆர் மறுபுறமாக எண்ணும், தூண்களில் சில எண்கள் இடம் மாறும். என் எண்ணிக்கையும் உங்கள் எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.)

இப்போது காத்திருப்பை இந்தக் கத்தியால் பிரிக்கிறேன்.

```r
short <- faithful$eruptions < 3
table(short)
tapply(faithful$waiting, short, mean)
tapply(faithful$waiting, short, sd)
```

மூன்று நிமிடத்துக்குள் முடிந்த பீச்சல்கள் 97. அவற்றுக்குப் பின் காத்திருப்பு சராசரியாக 54.5 நிமிடம். மூன்று நிமிடத்தைத் தாண்டியவை 175. அவற்றுக்குப் பின் 80 நிமிடம். இரண்டு குழுவிலும் திட்ட விலக்கம் 6-ஐ ஒட்டி. 13.6 எங்கே, 6 எங்கே! சும்மா நடுவில் வெட்டினாலே கிடைக்கிற 8.2-ஐயும் தாண்டிக் கீழே வந்திருக்கிறது. அதுவும் காத்திருப்பைப் பார்க்காமலே, காத்திருப்பு முடிவதற்கு வெகு முன்னாலேயே கையில் இருக்கிற ஒரு தகவலால்.

கிராஃப் நோட்டில் 97-க்கு நீலம், 175-க்குச் சிவப்பு என்று அதே 5 நிமிடப் பிரிவில் மறுபடி வரைந்தேன். இடது முகடு ஏறக்குறைய முழுக்க நீலம், வலது முகடு ஏறக்குறைய முழுக்கச் சிவப்பு, பள்ளத்தில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து நிற்கிறது. பார்க்க வேண்டியது இதைத்தான். ஒவ்வொரு நிறமும் தனியாக ஒரே முகட்டோடு நிற்க வேண்டும். பிரித்த பிறகும் ஒரு நிறத்துக்குள் இரண்டு முகடு மிச்சம் இருந்தால், பிரித்த பத்தி சரியில்லை, உண்மையான காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

இதற்கு மண்ணுக்கடியில் ஒரு காரணமும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பீச்சல் சீக்கிரம் முடிந்துவிட்டால் ஊற்றின் குழாய்ப் பாதையில் தண்ணீரும் சூடும் நிறைய மிச்சம் இருக்கும். மறுபடி நிரம்பி, கொதிநிலைக்கு வர அதிக நேரம் ஆகாது. நாலரை நிமிடம் பீய்ச்சி அடித்தால் பாதை பெரும்பாலும் காலி. நிரம்பவும் சூடேறவும் நேரம் பிடிக்கும். பூங்காவின் கணிப்பும் முந்தைய பீச்சல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை வைத்துத்தான் செய்யப்படுகிறது. திட்ட விலக்கம் 6 என்றால், மணி வடிவக் கணக்குப்படி பத்துக்கு ஒன்பது முறையாவது பத்து நிமிட வரம்புக்குள் விழும். நாற்பது சதவீதம்கூட வராமல் தடுமாறிய கணிப்பு, மூன்று நிமிடத்தில் ஒரு கோடு போட்டதும் அங்கே போய்விட்டது.

ஒரு நேர்கோடு பொருத்தினால் இன்னும் கூர்மையாகுமே என்று நினைத்து அதையும் செய்தேன். காத்திருப்பு = 33.47 + 10.73 × பீச்சல் நேரம் என்று வந்தது. இரண்டு பத்தியும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு 0.90, பிரமாதமாகத் தெரிகிறது. ஆனால் கணித்த பிறகும் மிஞ்சுகிற சிதறலான மிச்சப் பிழை 5.91. வெறும் இரண்டு பெட்டியாகப் பிரித்தபோது இருந்த மிச்சப் பிழை 5.94. இவ்வளவுதான் வித்தியாசம்! அந்த 0.90-இல் பெரும்பங்கு, இரண்டு கூட்டங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பதால் வருவது; கூட்டத்துக்குள் போய்ப் பார்த்தால் கோடு கூடுதலாகச் சொல்வது ரொம்பக் கொஞ்சம். இரண்டு முகடு உள்ள தரவில் ஒட்டுறவுக் கெழுவைப் பார்த்து மகிழ்வதற்கு முன்னால், ஒவ்வொரு குழுவுக்குள்ளும் அது எவ்வளவு என்று தனியாக எடுத்துப் பார்ப்பதை இப்போது வழக்கமாக வைத்திருக்கிறேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இதே ஊற்றுக்கு ஆரில் இன்னொரு தரவும் இருக்கிறது. `MASS` தொகுப்பில் `geyser` என்ற பெயரில், 1985 ஆகஸ்ட் 1 முதல் 15 வரை இரவு பகல் தொடர்ச்சியாகக் குறித்த 299 பீச்சல்கள். அதே வேலையை அதில் செய்து பார்த்தால் உறுதியாகிவிடும் என்று எடுத்தேன். இரண்டு இடத்தில் இடித்தது, இரண்டுமே தெரிந்துகொள்ள வேண்டியவை.

```r
library(MASS)
head(geyser, 6)
#   waiting duration
# 1      80 4.016667
# 2      71 2.150000
# 3      57 4.000000
# 4      80 4.000000
# 5      75 4.000000
# 6      77 2.000000
```

முதல் இடி: இரண்டாவது வரிசையில் பீச்சல் 2.15 நிமிடம்தான், ஆனால் காத்திருப்பு 71. மேலே கண்டதற்குப் பொருந்தவில்லையே? இந்தத் தரவில் `waiting` என்பது அந்தப் பீச்சலுக்கு முன்னால் காத்திருந்த நேரம். `faithful`-இல் பின்னால். ஆகவே ஒரு வரிசை தள்ளிச் சேர்க்க வேண்டும்: 2.15-க்கு அடுத்த வரிசையைப் பாருங்கள், 57. பொருந்திவிட்டது.

```r
n <- nrow(geyser)
plot(geyser$duration[-n], geyser$waiting[-1])
```

இரண்டாவது இடிதான் இந்தப் பதிவை எழுதவே தூண்டியது. `geyser$duration`-க்கு மெல்லிய பிரிவில் ஹிஸ்டோகிராம் போட்டால், இரண்டு முகடு மட்டும் வராது. சரியாக 4 நிமிடத்தில் ஊசி மாதிரி ஒரு தூண் எழும்பி நிற்கும், சரியாக 2-இலும் அப்படியே. மூன்றாவது குழுவா? நாலு நிமிடத்தில் மட்டும் நிற்கிற தனி ரகப் பீச்சலா? மேலே உள்ள ஆறு வரிசையை மறுபடி பாருங்கள்: 4.016667, 2.15 என்று நொடிக் கணக்கில் வந்துகொண்டிருந்தது, திடீரென்று 4, 4, 4, 2 என்று முழு எண்ணாக மாறுகிறது. தரவின் உதவிப் பக்கத்திலேயே விடை இருக்கிறது. இரவில் குறித்தவற்றில் சிலவற்றுக்கு நிமிடக் கணக்கு இல்லை, "குறுகியது", "நடுத்தரம்", "நீண்டது" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். பின்னால் அவற்றை 2, 3, 4 என்று எண்ணாக மாற்றியிருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த ஊசியும் கலந்து கிடக்கும் ஒரு குழுதான், பொய் இல்லை. ஆனால் அது ஊற்றின் குழு இல்லை, குறித்த முறையின் குழு. நொடி வரை அளந்த பதிவுகளும் வாயால் சொன்ன பதிவுகளும் ஒரே பத்திக்குள் கிடக்கின்றன. 2, 3, 4 என்று சரியாக உள்ளவற்றை ஒதுக்கிவிட்டு மறுபடி வரைந்தால் ஊசிகள் போய்விடும், இரண்டு உண்மையான முகடும் அப்படியே நிற்கும்.

```r
d <- geyser$duration
hist(d[!(d %in% c(2, 3, 4))], breaks = 30)
```

உண்மையாகவே அளந்து சரியாக 4 வந்த ஒன்றிரண்டும் இதில் ஒதுங்கிப் போகலாம், அதைச் சரிசெய்ய வழியில்லை. எது எப்படி வந்தது என்று சொல்லும் பத்தி தரவில் இல்லை. `faithful`-இலும் இதன் சின்னத் தம்பி இருக்கிறது. பீச்சல் நேரத்தை 60-ஆல் பெருக்கி நொடியாக்கினால் 5-இன் மடங்குகள் அளவுக்கு மீறி வருவதைப் பார்க்கலாம். மனிதன் கடிகாரம் பார்த்துக் குறித்தால் அப்படித்தான் வரும். அரை நிமிடப் பிரிவில் இது தெரியாது, இரண்டு மூன்று நொடி அகலத்துக்குப் போனால் முகடு முகடாக முளைக்கும். உருண்டை எண்ணில் ஊசி மாதிரி நிற்கும் முகடு, குன்று மாதிரி அகலமாக ஏறி இறங்கும் முகடு, இரண்டையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம். முதலாவதைப் பார்த்தால் குறித்தவரைத் தேட வேண்டும், இரண்டாவதைப் பார்த்தால் பொருளைத் தேட வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் சரிபார்த்தேன். முகடு இரண்டு என்றால் குழுவும் இரண்டுதானா? இதற்கு ஆரில் உள்ள `iris` தரவு நல்ல உரைகல். மூன்று வகை ஐரிஸ் பூக்கள், வகைக்கு 50. இதழ் நீளத்துக்கு ஹிஸ்டோகிராம் போட்டால் 37, 13, 0, 1, 4, 11, 21, 21, 17, 16, 5, 4 என்று வருகிறது. செட்டோசா வகையின் ஐம்பது பூவும் இடது முகட்டில். அதில் மிக நீளமான இதழே 1.9 சென்டிமீட்டர். வர்சிகலர் வகையின் மிகக் குட்டை இதழே 3.0. நடுவில் வெற்றிடம். ஆனால் வலது குன்றுக்குள் இரண்டு வகை சேர்ந்து கிடக்கிறது, 21, 21, 17, 16 என்ற வரிசையில் பள்ளமே இல்லை. முகடு இரண்டு, குழு மூன்று.

ஏன் தெரியவில்லை என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரே அளவு, ஒரே விலக்கம் உள்ள இரண்டு மணி வடிவங்களைக் கலந்தால், சராசரிகளுக்கு இடையே உள்ள தூரம் திட்ட விலக்கத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால்தான் இரண்டாவது முகடே பிறக்கும். ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லில் தூரம் 25.5 நிமிடம், விலக்கம் 6. நாலு மடங்குக்கு மேல், அதனால்தான் அவ்வளவு தெளிவு. வர்சிகலரின் சராசரி 4.26, வர்ஜினிகாவின் சராசரி 5.55, விலக்கம் அரை சென்டிமீட்டர் அளவு, மடங்கு இரண்டரைதான். கொள்கைப்படி பள்ளம் உண்டு, ஆனால் முகட்டைவிட எட்டில் ஒரு பங்குதான் தாழ்வு. முகட்டில் 21 பூ என்றால் பள்ளத்தில் 18 இருக்க வேண்டும். ஒரு தூணில் இருபது பூ நிற்கும் இடத்தில் தற்செயலாகவே நாலைந்து கூடிக் குறையும். அந்த ஆட்டத்தில் பள்ளம் மூழ்கிப்போகிறது. எனவே ஒற்றை முகட்டைப் பார்த்து "ஒரே குழுதான்" என்று என்னால் இனிச் சொல்ல முடியாது. முகடு பிரிந்து நின்றால் விசாரிக்கக் காரணம் கிடைத்தது. பிரியாமல் நின்றால் எதுவும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

அடுத்த முறை என்ன மாற்றுவேன்? 54.5, 80 என்ற இந்த இரண்டு எண்ணையும் இன்றைய ஒளிபரப்பில் பயன்படுத்த முடியாது. ஊற்றின் தாளம் காலப்போக்கில் மாறுகிறது. 1959-இல் பக்கத்தில் வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகும் அது நீண்டது, இன்றைய காத்திருப்பு 80-ஐத் தாண்டி 90 நிமிடத்தையொட்டி இருக்கிறது. எனவே பழைய தரவையும் புதிய தரவையும் ஒரே பத்தியில் கொட்டினால் முகடுகள் வருடத்தால் பிரியும், பீச்சலால் அல்ல. ஒளிபரப்பைப் பார்த்து நானே குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். நோட்டில் ஐந்து பத்தி: தேதி, பீச்சல் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பகலா இரவா, கடைசியாக "கடிகாரம் பார்த்தா, மதிப்பாகவா" என்று ஒன்று. காத்திருப்பை நேரடியாக எழுதுவதில்லை, இரண்டு தொடக்க நேரங்களைக் கழித்துக்கொள்கிறேன். முன்னால் காத்திருந்ததா பின்னாலா என்ற குழப்பமே வராது. தொடங்கும் கணத்தைத் தவறவிட்டால் அந்தப் பத்தியைக் காலியாக விடுகிறேன், உருண்டை எண் எதையும் நிரப்புவதில்லை.